குடோன் சூப்பர்வைசரிடம் என்ன கேட்பது?

முதல் முறையாக இன்டர்வியூ எடுக்கப் போகிறவர் கையில் பெரும்பாலும் இரண்டு காகிதங்கள்தான் இருக்கும். ஒன்று வந்திருப்பவரின் பயோடேட்டா. இன்னொன்று ஜே.டி. என்று அலுவலகங்களில் சொல்லப்படும் வேலை விவரம். கேள்விகளை அவரேதான் தயார் செய்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் கை பயோடேட்டாவை நோக்கித்தான் போகும். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்”, “பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?”, “உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன?” என்று கேட்பதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். வந்தவர் நன்றாகப் பேசுகிறாரா என்பது தெரிந்துவிடும். லாரியில் ஆறு பெட்டி குறைந்து வந்தால் அவர் என்ன செய்வார் என்பது தெரியாது.

கேள்விகள் பிறக்க வேண்டிய இடம் ஜே.டி. ஆனால் அதன் வரிகளை அப்படியே கேள்வியாக்கினாலும் பயன் இல்லை. “இருப்புக் கணக்கைத் துல்லியமாகப் பேணுதல்” என்ற வரியை வைத்து “இருப்புக் கணக்கைத் துல்லியமாகப் பேணுவீர்களா?” என்று கேட்டால், இல்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. அந்த வேலை நடைமுறையில் எந்த இடத்தில் சிக்குகிறது, அங்கே சூப்பர்வைசர் எடுக்க வேண்டிய முடிவு என்ன என்று பார்க்க வேண்டும். கேள்வி அங்கிருந்துதான் வரும்.

இது வெறும் அனுபவ யோசனை அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு வேலையைப் புரிந்துகொள்ள அதில் நடந்த முக்கியமான நிகழ்வுகளைச் சேகரிக்கும் முறையை விளக்கினார். வேலை மிக நன்றாக நடந்த தருணங்களையும் கெட்டுப்போன தருணங்களையும், அந்த வேலையை அறிந்தவர்களிடமே கேட்டு வாங்குவது அந்த முறை. 2022இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் ஆட்தேர்வு முறைகள் பற்றிப் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஆய்வு முடிவுகளை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை முன்கூட்டிக் காட்டுவதில் முதலிடம் பிடித்தது திட்டமிட்ட நேர்காணல். எல்லாரிடமும் அதே கேள்விகள், வேலையிலிருந்தே எடுத்த கேள்விகள், முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பெண் அளவு ஆகியவைதான் அதன் அடையாளம்.

ஒரு ஜே.டி.யைப் பிரித்துப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிஸ்கட், நூடுல்ஸ், சோப்பு, ஷாம்பு வைத்து விநியோகிக்கும் ஒரு குடோனை எடுத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் வேலைக்கான ஜே.டி.யில் எட்டு வரிகள் இருக்கின்றன.

1. சரக்கு இறக்குதல், அடுக்குதல், ஏற்றி அனுப்புதல் ஆகியவற்றை மேற்பார்வையிடல்.
2. இருப்புக் கணக்கைத் துல்லியமாகப் பேணுதல்.
3. ஃபிஃபோ, ஃபெஃபோ முறைகளைக் கடைப்பிடித்தல்.
4. ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட ஷிப்ட்டுக்கு 15 பேரை நடத்துதல்.
5. பாதுகாப்பு விதிகளை உறுதி செய்தல்.
6. ஜி.ஆர்.என்., இ-வே பில் உள்ளிட்ட ஆவணங்களைக் கையாளுதல்.
7. எக்செல், குடோன் சாஃப்ட்வேர் அறிவு.
8. அழுத்தத்தைத் தாங்கி வேலை செய்யும் திறன், நல்ல தகவல் தொடர்பு.

முதல் வேலை இவற்றைச் சலித்தெடுப்பது. எக்செல் தெரியுமா என்பதைப் பேசித் தெரிந்துகொள்ள முடியாது. ஏழாவது வரியைக் கேள்விப் பட்டியலிலிருந்து எடுத்துச் சிறு செய்முறைத் தேர்வாக மாற்றிவிடலாம். எட்டாவது வரி எந்த வேலையின் ஜே.டி.யிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வரி. அதைத் தனியாகக் கேட்காமல் மற்றக் கேள்விகளுக்குள்ளேயே நெருக்கடியை வைத்துவிட வேண்டும்.

ஆறாவது வரியை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க ஜே.டி. போதாது. குடோனுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். சில இடங்களில் இ-வே பில்லை பில்லிங் பிரிவே போட்டுவிடும். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்புவதோடு சரி. வேறு சில இடங்களில் இரவு ஷிப்ட்டில் பில்லிங் ஆளே இருக்க மாட்டார். வழியில் லாரி பழுதாகிச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், இ-வே பில்லின் பி பகுதியில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும் என்பதும், சாதாரணச் சரக்கு வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அந்த பில் செல்லும் என்பதும் அங்கே சூப்பர்வைசருக்குத் தெரிந்தாக வேண்டும். நம் உதாரணக் குடோன் முதல் வகை என்று வைத்துக்கொள்வோம். இ-வே பில் பற்றிய கேள்வி வேண்டாம். உள்ளே வரும் சரக்கின் ரசீதான ஜி.ஆர்.என். மட்டும் முதல் வரியோடு சேர்ந்துகொள்கிறது.

மிஞ்சியவை ஐந்து: சரக்கு வரவு, இருப்பு, காலாவதி, ஆட்கள், பாதுகாப்பு. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நேர்காணலுக்கு ஐந்து முக்கியக் கேள்விகள் போதும். இருபது கேள்விகளை எழுதிக்கொண்டு போனால் எல்லாவற்றையும் மேலோட்டமாகக் கேட்டு எழுந்து வருவதுதான் நடக்கும்.

குடோனில் மூன்று பேரிடம் பத்து நிமிடம்

கேள்வி எழுத உட்காரும் முன், மூன்று பேரிடம் பேசிவிட வேண்டும். இன்னொரு ஷிப்ட்டின் சூப்பர்வைசர் ஒருவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர், டெஸ்பாட்ச் பார்ப்பவர் ஒருவர். மூவரிடமும் ஒரே விஷயத்தைக் கேட்டால் போதும்: “போன மாதம் சூப்பர்வைசர் வந்துதான் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் எது? அவர் என்ன செய்தார்?” நேர்காணல் எடுப்பவர் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்து, குடோனுக்குள் அதிகம் போகாதவர் என்றால், இந்தப் பேச்சைத் தவிர்க்கவே கூடாது. பதிலில் வரும் எண்களையும் சாமான்களின் பெயர்களையும் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். கேள்விக்கு உயிர் கொடுப்பவை அவைதான்.

ஐந்து வரிகள், ஐந்து கேள்விகள்

*சரக்கு வரவு.* “இன்வாய்ஸில் 200 பெட்டி. இறக்கி எண்ணினால் 194. அதில் மூன்று பெட்டி நனைந்திருக்கிறது. டிரைவர் அவசரப்படுகிறார். என்ன செய்வீர்கள்?”

இங்கே சிக்கல் இருப்பது கையெழுத்தில். டிரைவர் நீட்டும் எல்.ஆர். காப்பியில் குறைவையும் சேதத்தையும் எழுதாமல் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால், 200 பெட்டியும் நல்லபடியாக வந்து சேர்ந்தன என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு டிரான்ஸ்போர்ட்காரரிடம் கேட்பது கடினம். நல்ல பதிலில் மறுபடி எண்ணுவது வரும். லாரி கிளம்பும் முன்பே எல்.ஆர். காப்பியில் “6 குறைவு, 3 சேதம்” என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குவது வரும். நனைந்த பெட்டிகளைப் படம் எடுத்துத் தனியாக வைப்பது வரும். ஜி.ஆர்.என்.னில் நல்ல சரக்காக 191 மட்டும் ஏறும்.

*இருப்பு.* “சிஸ்டத்தில் 120 பெட்டி ஷாம்பு காட்டுகிறது. ரேக்கில் 112 இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அடுத்து எதை?”

இந்தக் கேள்வியில் கவனிக்க வேண்டியது வரிசை. தேர்ந்த சூப்பர்வைசர் முதலில் அந்த இடத்திலிருந்து சரக்கு எடுப்பதை நிறுத்துவார். வேறு ஒருவரை வைத்து மறுபடி எண்ணுவார். பக்கத்து ரேக், டெஸ்பாட்ச் அருகே எடுத்து வைத்தது, சேதச் சரக்கு வைக்கும் மூலை, கடைகளிலிருந்து திரும்பி வந்தது என்று எல்லாவற்றையும் பார்ப்பார். பதியாமல் விட்ட ரசீதோ, பில் போட்டு இன்னும் சிஸ்டத்தில் கழிக்காத சரக்கோ இருக்கிறதா என்று தேடுவார். பெட்டிக் கணக்கும் பாட்டில் கணக்கும் குழம்பியிருக்கிறதா என்பதையும் யோசிப்பார்; ஒரே ஷாம்பு 12 பாட்டில் பெட்டியாகவும் 24 பாட்டில் பெட்டியாகவும் வரும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். கடைசியாகத்தான் மேலாளரின் ஒப்புதலோடு கணக்கைத் திருத்துவார். எடுத்த எடுப்பில் “சிஸ்டத்தில் அட்ஜஸ்ட் செய்துவிடுவேன்” என்பதும், “யாரோ திருடியிருப்பார்கள், சி.சி.டி.வி. பார்ப்பேன்” என்பதும் குறைந்த மதிப்பெண்ணுக்கு உரியவை. முதல் பதில் காரணத்தை மூடிவிடுகிறது. இரண்டாவது, பதிவுப் பிழையைத் தேடாமலே ஆட்களின் மேல் பழியைப் போடுகிறது.

*காலாவதி.* “பத்து நாள் முன்பு வந்த பிஸ்கட்டில் காலாவதி மே மாதம். நேற்று வந்ததில் மார்ச். இன்று ஆர்டர் வந்தால் எது போகும்?”

முதலில் வந்தது முதலில் போவது ஃபிஃபோ. முதலில் காலாவதியாவது முதலில் போவது ஃபெஃபோ. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒரே சரக்கைத்தான் காட்டும். ஆனால் கம்பெனி வேறொரு கிடங்கிலிருந்து பழைய லாட்டை அனுப்பும் நாளில், பிறகு வந்தது முன்பே காலாவதியாகும். விதியின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர் மே மாதச் சரக்கை அனுப்பச் சொல்வார். மார்ச் சரக்கு ரேக்கின் பின்னால் தங்கிப்போகும். விஷயம் தெரிந்தவர் மார்ச் என்று சொல்லிவிட்டு, அதோடு நிற்காமல் ஒரு கேள்வியும் திருப்பிக் கேட்பார்: “அந்த வாடிக்கையாளர் குறைந்தபட்சம் எத்தனை மாதக் காலாவதி மிச்சம் இருந்தால் வாங்குவார்?” பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் காலாவதி நெருங்கிய சரக்கைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதை அறிந்தவரின் கேள்வி அது.

*ஆட்கள்.* “மாதக் கடைசி. லோடுமேன் பத்துப் பேரில் நான்கு பேர் வரவில்லை. வாசலில் மூன்று லாரி நிற்கிறது. இதுபோன்ற நாள் உங்களுக்கு வந்ததுண்டா? அன்று என்ன செய்தீர்கள்?”

இது நடந்ததைக் கேட்கும் கேள்வி. பதில் “சமாளித்தோம்”, “முடித்துக் கொடுத்தோம்” என்று வந்தால் “அதில் நீங்கள் செய்தது எது?” என்று மென்மையாகப் பிரித்துக் கேட்க வேண்டும். எந்த லாரியை முதலில் எடுத்தீர்கள், எதை வைத்து முடிவு செய்தீர்கள், ஒப்பந்தக்காரரிடம் எப்போது பேசினீர்கள், தாமதமாகும் என்று டெஸ்பாட்ச்சுக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், கூடுதல் நேரம் வேலை செய்தவர்களுக்கு ஓவர்டைம் எழுதப்பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். நடந்த கதை உள்ளவரிடம் நேரமும் எண்ணும் தாமாக வரும். கதை இல்லாதவர் “பொதுவாக இப்படித்தான் செய்வேன்” என்று பொதுவிலேயே நிற்பார். தாமதத்தை முன்கூட்டிச் சொன்னவருக்கு, எல்லாவற்றையும் தனியாளாக முடித்துக் காட்டியதாகச் சொல்பவரைவிட அதிக மதிப்பெண் கொடுக்கலாம். டெஸ்பாட்ச்சுக்குத் தேவை உரிய நேரத்தில் கிடைக்கும் தகவல்.

*பாதுகாப்பு.* “மேல் ரேக்கில் இருந்து ஒரு பெட்டி வேண்டும். லாரி கிளம்ப கால் மணி நேரம். நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது ஒரு லோடுமேன் ஃபோர்க்லிஃப்ட்டின் ஃபோர்க் மேல் ஏறி நிற்கிறார், ஓட்டுநர் அவரைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். என்ன செய்வீர்கள்?”

ஆளைத் தூக்க ஃபோர்க்கைப் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவது. கையில் பிடிமானம் இல்லாத அந்த நிலையில் ஒரு சிறு குலுக்கல் போதும் விழுவதற்கு. உடனே நிறுத்தி, மெதுவாக இறக்கி, பேலட்டையே கீழே கொண்டுவரச் சொல்வது சரியான முதல் படி. நன்றாகத் தேர்ந்தவர் அதற்கு மேலும் போவார். இதை நடக்கவிருந்த விபத்தாகப் பதிவு செய்வார். ஆள் எதற்காக ஏறினார் என்றும் கேட்பார். கீழ் ரேக்கில் சரக்கு தீர்ந்தும் மேலிருந்து இறக்கி நிரப்பாமல் விட்டதுதான் காரணம் என்று கண்டால், அந்த வேலையை ஷிப்ட் ஆரம்பத்துக்கு மாற்றுவார். “லாரி போகட்டும், பிறகு கண்டிக்கிறேன்” என்பவருக்கு மற்ற நான்கு கேள்விகளிலும் முழு மதிப்பெண் கிடைத்தாலும் இந்த வேலை இல்லை. அந்த விதியை நேர்காணலுக்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சராசரி மதிப்பெண் இந்த ஓட்டையை மறைத்துவிடும்.

பதில் அளவை முன்பே எழுதுங்கள்

மேலே ஒவ்வொரு கேள்வியின் கீழும் வந்த விளக்கம்தான் விடைக்குறிப்பு. அதை ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று படிகளாக எழுதிக்கொள்ளலாம். இருப்புக் கேள்விக்கு இப்படி இருக்கும். 1 மதிப்பெண்: கணக்கைத் திருத்திவிடுவேன் என்கிறார், அல்லது நேராகத் திருட்டுக்குப் போகிறார். 3 மதிப்பெண்: மறுபடி எண்ணுகிறார், பக்கத்து இடங்களைத் தேடுகிறார், ஆனால் பதிவுகளைப் பார்ப்பதில்லை. 5 மதிப்பெண்: சரக்கு எடுப்பதை நிறுத்துகிறார், வேறு ஆளை வைத்து எண்ணுகிறார், பதியாத ரசீதுகளைத் தேடுகிறார், ஒப்புதல் பெற்றுத்தான் திருத்துகிறார். இடைப்பட்ட பதில்களுக்கு 2, 4.

இதை முன்பே எழுதாவிட்டால், முதலில் வந்தவரின் பதிலே அளவுகோலாகிவிடும். அடுத்து வருபவர்கள் அவரோடு ஒப்பிடப்படுவார்கள், வேலையோடு அல்ல. இரண்டு பேர் நேர்காணல் எடுத்தால் இருவரும் தனித்தனியே மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். முதலில் பேசுபவரின் கருத்துக்கு மற்றவர் சாய்வது இயல்பு.

விடைக்குறிப்பில் ஒரு எச்சரிக்கை தேவை. ஒருவர் சாஃப்ட்வேரே இல்லாத சிறு குடோனில் வேலை செய்தவராக இருக்கலாம். அவர் ரேக்கில் தொங்கும் பின் கார்டைப் பார்ப்பேன், லெட்ஜரோடு ஒத்துப் பார்ப்பேன் என்று சொன்னால், அதே தர்க்கம்தான். முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். அதேபோல் உள்ளேயே லோடுமேனாகவோ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநராகவோ இருந்து பதவி உயர்வுக்கு வருபவரிடம் “நீங்கள் நடத்திய ஷிப்ட்” பற்றிக் கேட்க முடியாது. அப்படி ஒருவர் பட்டியலில் இருந்தால், ஆட்கள் பற்றிய கேள்வியை “இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று எல்லாருக்குமே மாற்றிவிடலாம்.

கேட்கக் கூடாதவை

இரவு ஷிப்ட் உள்ள வேலை என்பதால் சிலர் “கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்களிடம்தான் இந்தக் கேள்வி போகிறது. உண்மையில் தெரிய வேண்டியது ஷிப்ட்டுக்கு வர முடியுமா என்பது மட்டும். அதை எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கலாம்: “மாதத்தில் இரண்டு வாரம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஷிப்ட். உங்களால் வர முடியுமா?” ஊர், சாதி, மதம் பற்றிய விசாரிப்பு, பேச்சுவாக்கில் வந்தால்கூட, பட்டியலுக்கு வெளியே நிற்க வேண்டும். லோடுமேன்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் என்றால் இந்தி தெரிந்திருப்பது வேலைக்குத் தேவை. அப்போது “சொந்த ஊர் எது?” என்று சுற்றி வளைக்காமல், நேரடியாக “ஆட்களிடம் இந்தியில் வேலை சொல்ல முடியுமா?” என்று கேட்பதே சரி.

நாற்பத்தைந்து நிமிடம்

ஆரம்பத்தில் மூன்று நிமிடம் நேர்காணல் எப்படிப் போகும் என்று சொல்லி, குறிப்பு எடுப்பேன் என்பதையும் தெரிவித்துவிடலாம். ஐந்து கேள்விகளுக்கு ஆறு நிமிட வீதம் முப்பது நிமிடம். எக்செல் செய்முறைக்கு ஏழு நிமிடம்: இருபது வரிகள் உள்ள ஒரு இருப்புப் பட்டியலைக் கொடுத்து, சிஸ்டம் எண்ணுக்கும் எண்ணிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, பெரிய வித்தியாசம் மேலே வரும்படி அடுக்கச் சொன்னால் போதும். கடைசி ஐந்து நிமிடம் வந்தவரின் கேள்விகளுக்கு. ஒருவர் ஒரு ஷிப்ட்டில் எத்தனை வண்டி, ஃபோர்க்லிஃப்ட் எத்தனை, கடைசியாக முழு இருப்பு எண்ணியது எப்போது என்று கேட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் தயாரானதும் இன்னொரு ஷிப்ட்டின் சூப்பர்வைசரை உட்காரவைத்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர் “எந்த லாரி? நம்ம வண்டியா, டிரான்ஸ்போர்ட் வண்டியா?” என்று திருப்பிக் கேட்டால் கேள்வியில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. நல்ல சூப்பர்வைசர் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் அவருக்கே உங்கள் விடைக்குறிப்பில் 2 மதிப்பெண்தான் கிடைக்கிறது என்றால், திருத்த வேண்டியது விடைக்குறிப்பை.

இந்தப் பட்டியலுக்கு ஒரு எல்லை உண்டு. ஒருவருக்கு வேலை தெரியுமா, நெருக்கடியில் எந்த வரிசையில் யோசிக்கிறார் என்பதை அது காட்டும். காலையில் நேரத்துக்கு வருவாரா, கை சுத்தமா என்பதைக் காட்டாது. அதற்கு அவருடைய அனுமதியோடு பழைய மேலாளரிடம் பேச வேண்டும், பயிற்சிக் காலத்தில் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆனதும் அந்த மதிப்பெண் தாளை எடுத்து, அவருடைய உண்மையான வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வந்தவர்கள் எல்லாருமே 4 மதிப்பெண் வாங்கிய கேள்வி யாரையும் பிரித்துக் காட்டவில்லை, அதை எடுத்துவிடலாம். இந்த மூன்று மாதத்தில் அவர் திணறிய ஒரு சிக்கல் பட்டியலில் இல்லை என்றால், அடுத்த கேள்வி அதுதான்.